முடிவைக் காட்டிக்கொடுக்காமல் முப்பது நொடி டிரெய்லர்: ஒரு குறும்படத்தை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

முடிந்துபோன குறும்படத்திலிருந்து டிரெய்லர் வெட்டும்போது பெரும்பாலோர் முதலில் எடுக்கும் முடிவு, கடைசி இரண்டு நிமிடங்களைத் தொடக்கூடாது என்பதுதான். அது தேவையான முடிவே என்றாலும் அது மட்டும் போதாது. கதையின் முடிவு என்பது கடைசிக் காட்சியில் மட்டும் இருப்பதில்லை. அதற்கான தடயங்களைப் படம் நெடுகத் தூவி வைத்திருப்பவர்களே நாம்தான். பதினான்கு நிமிடங்களில் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கும் தடயங்கள், முப்பது நொடிக்குள் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பார்ப்பவர் இரண்டையும் தாமாகவே கூட்டி விடையைச் சொல்லிவிடுவார். ஆகவே இந்த வழிகாட்டியில் நான் பேசப்போவது எந்த ஷாட்டை மறைப்பது என்பதைவிட, எந்த இரண்டு ஷாட்டுகளைச் சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான்.

எடுத்துக்காட்டாக நானே படத்தொகுப்பு செய்த ஒரு படத்தை வைத்துக்கொள்கிறேன். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை ஒப்படைக்கும் கவுன்ட்டர். அங்கே ஒரு பெண் ஊழியர். நாள்தோறும் மாலையில் ஒரு முதியவர் வந்து, தொலைத்த தம் குடை கிடைத்ததா என்று கேட்கிறார். அந்தப் பெண்ணும் ஒவ்வொரு நாளும் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். ஒருநாள் முதியவர் வரவில்லை. படத்தின் முடிவு இதுதான்: குடை முதல் நாளே வந்துவிட்டது, அது அந்தப் பெண்ணின் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, முதியவர் நாள்தோறும் வரவேண்டும் என்பதற்காக அந்தப் பெண்ணே அதை மறைத்து வைத்திருக்கிறார். படத்தின் நீளம் 14 நிமிடம். இழுப்பறை திறக்கும் ஷாட் 13:05-இல் வருகிறது.

முதல் படி: முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, படம் முடியும்போது பார்வையாளருக்குப் புதிதாகத் தெரியவருவது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு, அந்த வாக்கியத்தை ஒருவர் ஊகிக்க வேண்டுமானால் அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். எங்கள் படத்தில் மூன்று துண்டுகள் கிடைத்தன. ஒன்று, குடை ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு, அந்த இழுப்பறையில் ஏதோ ஒன்று பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று, முதியவர் வருவதை அந்தப் பெண் உள்ளூர விரும்புகிறார்.

இந்த மூன்றின் எடையும் ஒன்றல்ல. முதல் துண்டு தெரிந்தால் படமே முடிந்தது. அது டிரெய்லரில் எந்த வடிவிலும் வரக்கூடாது. இரண்டாவது தனியாக வந்தால் வெறும் இழுப்பறை. மூன்றாவது தனியாக வந்தால் அது உணர்வு. சொல்லப்போனால் டிரெய்லருக்கு அதுதான் உயிர். ஆனால் இரண்டும் மூன்றும் சேர்ந்து வந்தால், முதல் துண்டைப் பார்வையாளரே தருவித்துக்கொள்வார். ஆகவே எங்களுக்குக் கிடைத்த விதி இது: முதலாவது கிடையாது, மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்றுக்குத்தான் இடம். உங்கள் படத்தில் துண்டுகள் வேறாக இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்று எப்போதும் தனியாகவே போதுமானதாகவும், மற்றவை சேர்ந்தால் மட்டுமே ஆபத்தாகவும் இருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: ஷாட்டுகளுக்கு நிறம் கொடுங்கள்

படத்தின் இறுதி டைம்லைனை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ப்ராஜெக்ட் கோப்பு கைவசம் இல்லாமல் ஏற்றுமதி செய்த ஒரே கோப்பு மட்டும் இருந்தால், வெட்டுகள் இருக்கும் இடங்களை மென்பொருளே கண்டுபிடித்துப் பிரித்துத் தரும் வசதி உண்டு; DaVinci Resolve-இல் அதன் பெயர் Scene Cut Detection. ஃபேட் மூலம் மாறும் இடங்களை அது தவறவிடக்கூடும் என்பதால் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஷாட்டையும் தனியாகப் பார்த்து, முதல் துண்டைத் தொடுபவற்றுக்குச் சிவப்பு, மற்ற துண்டுகளைத் தொடுபவற்றுக்கு மஞ்சள், எதையும் தொடாதவற்றுக்குப் பச்சை என்று நிறம் கொடுங்கள். எங்கள் படத்தில் இருந்த 96 ஷாட்டுகளில் 11 சிவப்பு, 19 மஞ்சள், மீதி 66 பச்சை. இந்த வேலைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யும்போது ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை, படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு ஒருமுறை என இருமுறை செய்யுங்கள். காட்சியில் பச்சையாக இருக்கும் ஒரு ஷாட், அதன் மேல் ஓடும் வசனத்தால் மஞ்சளாக மாறுவது உண்டு.

காட்சிச் சட்டத்தின் விளிம்புகளையும் பாருங்கள். 5:20-இல் முதியவர் மேசையில் சாய்ந்து நிற்கும் அழகான ஒரு ஷாட் இருந்தது. நான் அதற்குப் பச்சை போட்டுவிட்டேன். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான், பின்னால் அந்தப் பெண்ணின் விரலில் இழுப்பறைச் சாவி தொங்குவது தெரிந்தது. படத்தில் அது வேண்டுமென்றே வைத்த தடயம். இயக்குநருக்கு அதில் தனிப் பெருமை. டிரெய்லருக்காக அந்த ஷாட்டை 15 சதவீதம் பெரிதாக்கி, சாவியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். படம் 4கே-யில் எடுக்கப்பட்டு டிரெய்லர் 1080-இல் வெளியாகும்போது இந்த அளவுப் பெரிதாக்கலில் கூர்மை குறைவது தெரியாது.

எழுத்து தெரியும் ஷாட்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பதிவேட்டின் அண்மைக் காட்சி அரை நொடிதான் ஓடுகிறது, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் குடை வந்த தேதி எழுதப்பட்ட வரி இருந்தது. அந்த ஷாட் சிவப்புக்குப் போனது.

மூன்றாம் படி: டிரெய்லர் கேட்கப்போகும் கேள்வியை முடிவு செய்யுங்கள்

முடிவை மறைப்பதிலேயே கவனமாக இருந்தால், எதையும் சொல்லாத ஒரு டிரெய்லர்தான் மிஞ்சும். மறைப்பதற்கு எளிய வழி, பார்வையாளரின் கவனத்துக்கு வேறொரு கேள்வியைக் கொடுப்பது. அந்தக் கேள்வி படத்தில் உண்மையாகவே இருக்க வேண்டும். படத்தின் நடுப்பகுதிக்குள் எழுந்திருக்கவும் வேண்டும். எங்கள் படத்தின் இறுதிக் கேள்வி குடையை யார் வைத்திருக்கிறார் என்பது. டிரெய்லருக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, முதியவர் ஏன் வரவில்லை என்பது. இது 9-ஆவது நிமிடத்தில் எழும் கேள்வி. இதற்கான பதில் முடிவைத் தொடுவதில்லை.

இங்கே நேர்மை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லெவ் குலேஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர், உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்து, பார்ப்பவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பதைக் காட்டினார். அந்த வித்தையைக் கொண்டு எங்கள் படத்தை ஒரு கொலைக் கதையாகவே காட்டிவிட முடியும். பெண்ணின் முகம், இருட்டான அலமாரி, வராமல் போன முதியவர் என மூன்று ஷாட்டுகள் போதும். ஆனால் அதை நம்பி வருபவர் பதினான்கு நிமிடமும் வராத கொலைக்காகக் காத்திருப்பார். நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது: ஷாட்டுகளின் வரிசையை மாற்றலாம், படத்தின் வகையை மாற்றக்கூடாது. அந்தப் பெண் அலமாரிகளில் குடையைத் தேடும் காட்சியை டிரெய்லரில் பயன்படுத்தினோம். அந்தத் தேடல் வெறும் பாவனை என்பது முடிவில்தான் தெரியும். ஆனால் படமே அதுவரை பார்வையாளரை அப்படித்தான் நம்பவைக்கிறது என்பதால், டிரெய்லர் அதைச் செய்வதில் தவறில்லை.

நான்காம் படி: ஒலியிலிருந்து தொடங்குங்கள்

வசனம், இசை, பிற ஒலிகள் ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக இருந்தால் மட்டுமே நல்ல டிரெய்லர் வெட்ட முடியும். மூன்றும் கலந்த ஒரே ஒலித்தடத்தை வெட்டினால், ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இசை அறுந்து தொங்கும். அதை மறைக்க மேலே வேறு இசையைப் போட்டால் இரண்டும் மோதும். தனிக் கோப்புகள் கிடைக்காதபோது, இசை இல்லாமல் வெறும் வசனமோ சூழல் ஒலியோ ஓடும் இடங்களை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு அவற்றுக்குள்ளேயே வேலை செய்வது மேல்.

படத்தின் கடைசிப் பகுதிக்காக அமைத்த இசையை டிரெய்லரில் பயன்படுத்தாதீர்கள். இது பலர் கவனிக்காத கசிவு. எங்கள் படத்தில் இழுப்பறை திறக்கும்போதுதான் முதன்முறையாகப் புல்லாங்குழல் வருகிறது. அது கனிவான இசை. டிரெய்லரில் அதை ஓடவிட்டால், காட்சியில் எதைக் காட்டினாலும் இது நல்லபடியாக முடியும் கதை என்று காது சொல்லிவிடும். போதாததற்கு, படம் பார்க்கும்போது அந்த இசை புதிதாகவும் இருக்காது.

இசைக்குப் பதிலாக, அந்தப் பெண் பதிவேட்டில் முத்திரை குத்தும் ஒலியை எடுத்துக்கொண்டேன். தொப்பென்று விழும் அந்த ஒலியை டைம்லைனில் முதலில் வைத்துவிட்டு, வெட்டுகளை அதன்மேல் அமைத்தேன். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் முப்பது நொடிக்கு மொத்தம் 720 ஃபிரேம்தான். வெட்டு, ஒலி விழும் ஃபிரேமிலேயே விழுவதைவிட அதற்கு ஒன்று அல்லது இரண்டு ஃபிரேம் முன்னதாக விழுந்தால் கண்ணுக்கு இயல்பாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இதை விதியாகச் சொல்லவில்லை; இரண்டு விதமாகவும் வெட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: முப்பது நொடியைப் பங்கிடுங்கள்

பின்னாலிருந்து பங்கிடுவதே வசதி. படத்தின் பெயர் வரும் டைட்டில் கார்டை நிதானமாக இருமுறை வாய்விட்டுப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை முதலில் ஒதுக்குங்கள். எங்களுக்கு 4 நொடி ஆயிற்று. ஆக, கதைக்கு மீதி இருப்பது 26 நொடிதான். அதில் ஒரு முழு வசனம் இரண்டு, மூன்று நொடியைத் தின்றுவிடும் என்பதால் மூன்று வசனங்களுக்கு மேல் வைக்காதீர்கள்.

இறுதி வடிவம் இப்படி அமைந்தது. முதல் 3 நொடி, பொருள்கள் நிறைந்த கவுன்ட்டரின் அகன்ற காட்சி, முத்திரை ஒலி. அடுத்த 4 நொடியில் முதியவர் வந்து, "என் குடை வந்திருக்காம்மா?" என்று கேட்கிறார், அந்தப் பெண் இல்லை என்று தலையசைக்கிறார். 7-ஆவது நொடியிலிருந்து 14-ஆவது நொடி வரை அதே முதியவர் அதே இடத்தில் வேறு வேறு சட்டைகளில் மூன்று முறை நிற்கிறார். முதல் ஷாட் 3 நொடி, அடுத்தது இரண்டரை, அதற்கடுத்தது ஒன்றரை. கேள்வியை அவர் மறுபடி கேட்பதில்லை, "குடை..." என்று தொடங்கும்போதே முத்திரை விழுந்து வெட்டிவிடுகிறது. நாள்கள் கழிவதைச் சொல்ல இதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு 5 நொடி, அலமாரிகளில் தேடும் காட்சி. 19-ஆவது நொடியில் ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது. 3 நொடிக்குக் காலியான கவுன்ட்டர், எதிரே ஆளில்லாத பெஞ்சு. 22-இலிருந்து 26 வரை அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்கிறார், அந்த முகத்தின் மேலேயே முதியவரின் குரல் மட்டும் வருகிறது: "பரவாயில்லம்மா, நாளைக்கு வந்து பார்க்கறேன்." கடைசி முத்திரை விழ, டைட்டில்.

அந்த வசனம் படத்தில் 3-ஆவது நிமிடத்தில் சாதாரணமாகச் சொல்லப்படுவது. அவர் வராத நாளின் மேல் அதை வைத்ததும் அதன் பொருள் கனத்துவிடுகிறது. முடிவுக்கு வெகு முன்னால் வரும் வசனத்தைக் கடைசியில் வைப்பது டிரெய்லருக்கு மிகவும் பாதுகாப்பான இறுதி என்று இந்தப் படத்துக்குப் பிறகு நினைக்கத் தொடங்கினேன்.

ஆறாம் படி: படம் பார்க்காதவரிடம் காட்டுங்கள்

முடிவு தெரிந்தவரால் டிரெய்லரைச் சோதிக்க முடியாது. உங்களால் முடியாது, படக்குழுவில் யாராலும் முடியாது. எனக்கு இது புரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னது இரண்டாவது வடிவம். முதல் வடிவத்தில், 13-ஆவது நிமிடத்துக்குப் பிறகு வரும் ஒரு ஃபிரேமைக்கூட நான் தொடவில்லை. அதில் மிகுந்த நிறைவோடு இருந்தேன். ஆனால் 16-ஆவது நொடியில் அந்தப் பெண் இழுப்பறையைப் பூட்டும் ஷாட் இருந்தது. நீளம் ஒரு நொடிக்குச் சற்றே மேல். படத்தில் அது 2:10-இல் வருவது. 19-ஆவது நொடியில் அவர், "நாளைக்கும் வருவீங்களா ஐயா?" என்று கேட்பது இருந்தது. படத்தில் அது 6:40-இல் வருவது. இரண்டுக்கும் நடுவே படத்தில் நாலரை நிமிடம். டிரெய்லரில் வெறும் மூன்று நொடி. நண்பர் ஒருவர் இரண்டாம் முறை ஓட்டும்போதே, "குடை அந்த டிராயர்லதானே இருக்கு?" என்றார். துண்டுகளாகப் பிரித்து எழுதும் முதல் படியை நான் கற்றுக்கொண்டது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். இழுப்பறையை எடுத்தேன். கேள்வியையும் எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் விருப்பத்தைச் சொல்லும் பொறுப்பைக் கடிகாரம் பார்க்கும் முகத்திடம் விட்டேன்.

சோதனைக்கு மூன்று பேர் போதும். ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு, கதை என்ன என்று கேளுங்கள். பிறகு முடிவு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, அவர்கள் விருப்பப்படி நிறுத்தி நிறுத்திப் பார்க்கவிட்டு, ஊகம் மாறுகிறதா என்று கேளுங்கள். "முடிவு தெரிந்துவிடுகிறதா?" என்று நேராகக் கேட்காதீர்கள், முடிவே தெரியாதவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது, மரியாதைக்காக "இல்லை" என்பார்கள். ஊகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால் நல்லது. இரண்டாவது வடிவத்துக்கு எங்களுக்குக் கிடைத்தவை: முதியவர் இறந்துவிட்டார், அந்தப் பெண் குடையை முதியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார், குடை என்று ஒன்று இருந்ததே இல்லை. மூன்றும் தவறு; மூன்றும் ஆர்வத்தோடு சொல்லப்பட்டவை. ஒருவர்கூட எதையும் ஊகிக்க முன்வரவில்லை என்றால், உங்கள் டிரெய்லரில் கேள்வியே இல்லை என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். ஒருவரை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், படம் பார்க்காத எல்லாரையும் முதல் வடிவத்துக்கே செலவழித்துவிடாதீர்கள்.

மூன்று, நான்கு நிமிடப் படங்களுக்கு இந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. நான்கு நிமிடப் படத்தில் முப்பது நொடி என்பது எட்டில் ஒரு பங்கு. எதை எடுத்தாலும் கதை வந்துவிடும். அங்கே தொகுப்பை விட்டுவிட்டு, தொடக்கத்திலிருந்து ஒரே காட்சியை வெட்டாமல் எடுத்துப் போடுவதே நல்லது.

ஏழாம் படி: வெளியிடுவதற்கு முன்

ஏற்றுமதி செய்த கோப்பிலிருந்து நொடிக்கு ஒரு ஃபிரேம் வீதம் முப்பது படங்களை ஒரே தாளில் அடுக்கிப் பாருங்கள். ஓடும்போது தெரியாத இணைப்புகள் அசையாமல் இருக்கும்போது தெரியும். கட்டளை வரியில் இயங்கும் ffmpeg என்ற மென்பொருளைக் கொண்டு இதைச் செய்யலாம்:

```
ffmpeg -i trailer.mp4 -vf "fps=1,scale=320:-1,tile=6x5" -frames:v 1 sheet.png
```

ஒரு நொடிக்கும் குறைவான ஷாட்டுகள் இந்தத் தாளில் விடுபடக்கூடும் என்பதால், அவற்றை டைம்லைனில் தனியே நிறுத்திப் பாருங்கள்.

ஒலியின் அளவைப் படத்தின் மிக்ஸிலிருந்து அப்படியே கொண்டுவந்தால், கைபேசியில் வசனம் கேட்காமல் போகும். கீழே உள்ள கட்டளை மொத்த அளவை இறுதியில் காட்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால், ஒலியின் உரப்பை அளக்கும் அலகான LUFS-இல் அது −14 அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

```
ffmpeg -i trailer.mp4 -af ebur128 -f null -
```

கடைசியாக, டிரெய்லருக்கு வெளியே இருக்கும் கசிவுகள். விளக்கக் குறிப்பு, நடிகர் பட்டியல், தம்ப்நெயில் மூன்றையும் முதல் படியில் எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் டிரெய்லரில் குடை ஒரு ஃபிரேமில்கூட வரவில்லை. ஆனால் படத்துக்காக முன்பே தயாரித்திருந்த போஸ்டரில் அந்தப் பெண் அந்த நீலக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் தம்ப்நெயிலாகப் போட்டுப் பதிவேற்றிய பிறகுதான் கவனித்தோம். அதை எடுத்துவிட்டு, ஆளில்லாத பெஞ்சின் ஃபிரேமை வைத்தோம்.